இரண்டு பச்சைகளும் ஒரு பலகையும்

பாடம் 6 – உரைநடை

நுழையும் முன்

தமிழில் ‘பச்சை’ என்னும் சொல் ஒரு நிறத்தைக் குறிக்கும். தீயில் வேகாத பொருளையும் அதே சொல் குறிக்கும். பச்சைக் காய், பச்சை இறைச்சி, பச்சைத் தண்ணீர் என்று நாம் சொல்லும்போது நிறத்தை நினைப்பதில்லை. சமைக்கப்படாத நிலையையே நினைக்கிறோம். சமையலறையில் இவ்வாறு இரண்டு பச்சைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று அடுப்புக்குப் போகும் பச்சை. மற்றொன்று நேரே தட்டுக்கு வரும் பச்சை. இவ்விரண்டும் ஒரே பலகையில் சந்தித்தால் என்ன நேரும் என்பதே இப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

புதுதில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பில் படிக்கும் மலர்விழி ஆகிய மூவரும் அங்கு இருக்கின்றனர். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து பாட்டியும் வந்திருக்கிறார். பாட்டி இறைச்சி உண்பதில்லை.

ஞாயிறு காலை அப்பா ஒரு கிலோ கோழி வாங்கி வந்தார். அம்மா அதனைப் பலகையில் வைத்துச் சிறு துண்டுகளாக வெட்டினார். துண்டுகளைப் பாத்திரத்தில் இட்டதும், பலகையையும் கத்தியையும் குழாய் நீரில் காட்டினார். பலகையில் படிந்திருந்த செந்நிற நீர் ஓடி மறைந்தது. பலகை பார்வைக்குத் தூய்மையாக இருந்தது. அம்மா அதனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பினார்.

“பாட்டிக்கு இன்று நான் ஏதாவது செய்து தருகிறேன்” என்றாள் மலர்விழி. பள்ளித் தோழியின் வீட்டில் அவள் உண்ட வெள்ளரி சாலட் நினைவுக்கு வந்தது. சாய்த்து வைத்திருந்த அதே பலகையை எடுத்தாள். அதே கத்தியால் வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளி ஆகியவற்றை வட்டம் வட்டமாக நறுக்கினாள். எலுமிச்சைச்சாறு பிழிந்து, உப்புத் தூவி, அழகாக அடுக்கினாள். பாட்டி மகிழ்ந்து, “என் கண்ணே, என் பேத்தி கைப்பக்குவம் இது!” என்று சொல்லி இரண்டு முறை வாங்கி உண்டார்.

கோழிக்குழம்பு அரைமணி நேரத்திற்கு மேல் கொதித்தது. அப்பா அதனை விரும்பி நிறைய உண்டார். பச்சை வெங்காயம் பிடிக்காததால் சாலட்டைத் தொடவில்லை. மலர்விழி இரண்டையும் உண்டாள். அம்மா குழம்புடன் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் மட்டும் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை

திங்களும் செவ்வாயும் எவருக்கும் எதுவும் நேரவில்லை. புதன் காலை பாட்டிக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றைப் பிசைவது போன்ற வலி எடுத்தது; நாள் முழுவதும் வயிற்றுப்போக்கு இருந்தது. மாலையில் மலர்விழிக்கும் வயிறு வலித்தது; ஆனால் அவளுக்கு நோய் மிதமாகவே இருந்தது. செவ்வாய் இரவு உண்ட தயிர் புளித்திருந்தது என்று அப்பா ஐயுற்றார். “அத்தை, கடையில் வாங்கிய தயிர் இனி வேண்டாம்” என்றார் அம்மா.

மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார். “நேற்று உண்டதை மட்டும் சொல்லாதீர்கள். கடந்த ஐந்து நாட்களில் யார் யார் என்னென்ன உண்டீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள்” என்றார். மலர்விழி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைக்குரிய பட்டியல் இது:

| யார் | கோழிக்குழம்பு | சாலட் | நோய் |
|---|---|---|---|
| பாட்டி | இல்லை | நிறைய | கடுமை |
| மலர்விழி | உண்டு | ஓரளவு | மிதம் |
| அம்மா | உண்டு | இரண்டு துண்டு | இல்லை |
| அப்பா | நிறைய | இல்லை | இல்லை |

சோறு, ரசம், தயிர் ஆகியவற்றை நால்வருமே எல்லா நாளும் உண்டனர். ஆகவே அவற்றின்மீது ஐயம் கொள்ள இடம் குறைவு. கோழியை மிகுதியாக உண்டவர் நலமாக இருந்தார். கோழியைத் தொடாதவரோ படுக்கையில் இருந்தார். இப்பட்டியலைப் படித்த மருத்துவர், “கோழியையும் காயையும் ஒரே பலகையில் நறுக்கினீர்களா?” என்று கேட்டார். மலர்விழி விடை சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

நடந்தது என்ன?

கோழியின் குடலில் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா வாழ்வது உண்டு. சால்மோனெல்லா என்பது மற்றொன்று. இவை பெரும்பாலும் கோழிக்குத் தீங்கு செய்வதில்லை. ஆதலால் நலமாகத் தோன்றும் கோழியிலும் இருக்கக்கூடும். கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலிலிருந்து இறைச்சியின் மேற்பரப்பில் அவை படிகின்றன. இறைச்சியின் நிறமோ மணமோ இதனால் மாறுவதில்லை. அன்று காலை அறுத்த புத்தம் புதிய கோழியிலும் இவை இருக்கலாம்.

சமைக்கும்போது இவை இறந்துவிடுகின்றன. இறைச்சித் துண்டின் உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தால் போதும். கொதிக்கும் குழம்பு 100 பாகையை நெருங்குகிறது. அரைமணி நேரம் கொதித்த குழம்பில் இக்கிருமிகள் பிழைக்க வழியில்லை. அப்பா நலமாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஆனால் எல்லாக் கிருமிகளும் குழம்புக்குள் போகவில்லை. சில, இறைச்சியிலிருந்து வடிந்த நீரோடு பலகையில் தங்கின. சில, கத்தியின் அலகிலும் பிடியிலும் ஒட்டிக்கொண்டன. வெள்ளரிக்காயை அப்பலகையில் வைத்ததும் அவை அதன் ஈரமான வெட்டுப்பரப்பில் ஏறின. வெள்ளரிக்காய் அடுப்பைக் காணவில்லை. நேரே பாட்டியின் தட்டுக்குப் போயிற்று. இவ்வாறு ஓர் உணவிலிருந்த கிருமி பலகை, கத்தி, கை, துணி போன்ற ஒன்றின் வழியாக வேறோர் உணவுக்குத் தாவுவதைக் குறுக்கு மாசுபாடு என்பர். நேர்வழியில் தீயிடம் சென்றிருக்க வேண்டிய கிருமி, குறுக்கு வழியில் தப்பிவிடுகிறது.

கேம்பைலோபாக்டர் நோயை உண்டாக்கப் பெரும் எண்ணிக்கை தேவையில்லை. சில நூறு கிருமிகளே போதும். பச்சைக் கோழியிலிருந்து வடியும் ஒரு துளி நீரில் அத்தனை இருக்கக்கூடும். உடலுக்குள் நுழைந்த பிறகு நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்கள் ஆகின்றன. அதனால்தான் ஞாயிறு செய்த பிழை புதன்கிழமை தலைகாட்டியது. பழி செவ்வாய்த் தயிரின்மீது விழுந்தது.

அம்மாவும் சாலட் உண்டார். ஆயினும் அவருக்கு நோய் வரவில்லை. அவர் எடுத்த இரண்டு துண்டுகளில் கிருமிகள் குறைவாக இருந்திருக்கலாம். அவருடைய உடல் அவற்றை வென்றிருக்கலாம். முதியோர், சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள் ஆகியோரையே இத்தகைய நோய் கடுமையாகத் தாக்குகிறது. ‘நாங்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சிலர் சொல்வர். வீட்டில் வலிமை மிக்கவர்கள் மட்டும் இருக்கும்வரை அப்படித் தோன்றக்கூடும்.

பட்டியலைக் கொண்டு மருத்துவர் செய்தது வலுவான ஊகமே. இன்ன கிருமிதான் என்று உறுதியாகச் சொல்ல மலப்பரிசோதனை வேண்டும்.

ஓடும் நீர் ஏன் போதவில்லை?

அம்மா பலகையைக் கழுவாமல் விடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த செந்நிற நீர் போயிற்று. ஆனால் இறைச்சியில் கொழுப்பும் புரதமும் உண்டு. அவை மெல்லிய படலமாகப் பலகையில் ஒட்டிக்கொள்கின்றன. கிருமிகள் அப்படலத்தில் தங்குகின்றன. வெறும் நீர் கொழுப்பைக் கரைப்பதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நீரில் மட்டும் கழுவினால் வழுவழுப்பு நீங்காததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலும், நாள்தோறும் கத்தி பட்டதால் பலகையில் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். அவற்றின் அடியில் இருப்பதை ஓடும் நீர் எட்டுவதில்லை.

எலுமிச்சைச்சாறும் உப்பும் கிருமிகளைக் கொன்றிருக்கும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். புளிப்பு சில கிருமிகளை ஓரளவு குறைக்கும். ஆனால் சில நிமிடங்களுக்கு முன் பிழிந்த சாறு எல்லாத் துண்டுகளிலும் ஒரே அளவாகப் படுவதில்லை. அதனை நம்பியிருக்க இயலாது.

பழைய வீட்டின் ஒழுங்கு

இக்கதையைக் கேட்ட பாட்டி, உடல் தேறிய பின் ஒன்று சொன்னார். “எங்கள் வீட்டில் மீனுக்கு ஓர் அரிவாள்மனை, காய்க்கு ஓர் அரிவாள்மனை. மீன் அரிவாள்மனை புழக்கடையை விட்டு உள்ளே வராது.”

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இவ்வழக்கம் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. மீனைப் புழக்கடையில் ஆய்ந்து, அங்கேயே கழுவி, சட்டியில் இட்டு உள்ளே கொண்டு வருவர். வாடை உள்ளே வரக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆனால் அவ்வொழுங்கு இரண்டு பச்சைகளையும் பிரித்தே வைத்தது. அரிவாள்மனையில் இன்னொரு நன்மையும் உண்டு. நறுக்கிய காய் பலகைமேல் கிடப்பதில்லை. நேரே கீழுள்ள பாத்திரத்தில் விழுகிறது.

நகரத்து அடுக்குமாடி வீட்டில் புழக்கடை இல்லை. ஒரே மேடை, ஒரே தொட்டி, பெரும்பாலும் ஒரே பலகை. ஆகவே இடம் செய்துவந்த பிரிவினையை இப்போது நாம் செய்ய வேண்டியுள்ளது.

நாம் செய்ய வேண்டியது

முதல் வழி, இரண்டு பலகைகள் வைத்துக்கொள்வது. பல உணவகங்களில் பச்சை இறைச்சிக்குச் சிவப்பு நிறப் பலகையும், காய்கனிகளுக்குப் பச்சை நிறப் பலகையும் பயன்படுத்துவர். வீட்டில் நிறம் வேண்டியதில்லை. ஒன்றின் மூலையில் ஓர் அடையாளம் இட்டாலே போதும். கத்திக்கும் இது பொருந்தும். பலகையை மாற்றிக் கத்தியை மாற்றாவிட்டால் பயன் இல்லை.

பலகை ஒன்றே இருந்தால், வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சாலட்டுக்குரிய காய்களை நறுக்கி, மூடி, அப்பால் வைத்துவிட வேண்டும். பிறகு குழம்புக்குரிய வெங்காயம். இறைச்சி கடைசியில். மலர்விழி அரைமணி நேரம் முன்னதாக அப்பலகையை எடுத்திருந்தால் இக்கதை நடந்திராது.

இறைச்சியை வெட்டிய பிறகு பலகையைக் கழுவும் முறை இது. ஒட்டியிருப்பதை முதலில் வழித்து எறிய வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பும் நாரும் கொண்டு இரு பக்கமும், ஓரங்களும் நன்கு தேய்க்க வேண்டும். ஓடும் நீரில் அலச வேண்டும். பின்னர்ப் பெரியவர் ஒருவர் கொதிநீரை அதன்மேல் ஊற்றலாம். இறுதியில் நிமிர்த்தி வைத்து முழுவதும் உலரவிட வேண்டும். கேம்பைலோபாக்டர் ஈரமற்ற இடத்தில் விரைவில் இறந்துவிடும். எனவே உலர்த்துவதும் சுத்தம் செய்வதன் ஒரு பகுதியே. கீறல்கள் ஆழமாகித் தேய்த்தும் அழுக்கு நீங்காத பலகையை மாற்றிவிட வேண்டும்.

கைகளையும் சோப்பிட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். இறைச்சி தொட்ட கையால் குழாயைத் திருகினால் குழாயும் பலகையைப் போன்றதே. மேடையைத் துடைத்த துணியால் தட்டைத் துடைக்கக் கூடாது.

கோழியைக் குழாயின் கீழ் வேகமாகக் கழுவுவதும் நன்றன்று. கழுவுவதால் கிருமிகள் இறப்பதில்லை. நீர்த்திவலைகளோடு தொட்டியைச் சுற்றிலும் தெறிக்கின்றன. அருகில் கொத்தமல்லித் தழை இருந்தால் அதன்மீதும் படியும். கழுவித்தான் ஆக வேண்டும் எனில், காய்களை அகற்றிவிட்டு, பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, பிறகு தொட்டியைச் சோப்பிட்டுத் தேய்க்க வேண்டும். குளிர்பெட்டியில் இறைச்சியை மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் வடியும் நீர் கீழுள்ள காய்களில் சொட்டும்.

பாட்டிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் இடைவிடாது கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் எழுந்து நடமாடினார். அடுத்த ஞாயிறும் மலர்விழியே சாலட் செய்தாள். அப்பா கோழி வாங்கப் புறப்படும் முன்பே வெள்ளரிக்காய் நறுக்கி முடிந்திருந்தது.

சொற்பொருள்

அலகு – கத்தியின் கூர்மையான பகுதி
ஐயுற்றார் – சந்தேகப்பட்டார்
ஊகம் – சான்றுகளைக் கொண்டு செய்யும் கணிப்பு
ஆய்தல் – மீன், கீரை போன்றவற்றைச் சுத்தம் செய்தல்
புழக்கடை – வீட்டின் பின்புறம், கொல்லைப்புறம்
திவலை – சிறு துளி
வழித்தல் – ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்தல்

செய்து பார்ப்போம்: மஞ்சள் சோதனை

பெரியவர் ஒருவரின் துணையோடு செய்க. மஞ்சள்தூள் கறை படியும். ஆகவே வீசி எறியக்கூடிய பழைய பலகை ஒன்றை எடுத்துக்கொள்க.

1. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் பூசுக. இதுவே நம் ‘இறைச்சி’.
2. அதனைப் பலகையில் வைத்து நான்கு துண்டுகளாக வெட்டுக.
3. பலகையையும் கத்தியையும் நீரில் மட்டும் கழுவுக.
4. தோல் சீவிய வெள்ளரிக்காயை அதே பலகையில் அதே கத்தியால் நறுக்குக.
5. ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் தாளில் ஒற்றி எடுக்க.

தாளில் மஞ்சள் தெரிகிறதா? எத்தனையாவது துண்டு வரை தெரிகிறது? பிறகு பலகையைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, மீண்டும் செய்து பார்க்க. சோப்பு பட்ட மஞ்சள் சிவப்பாக மாறும். எந்தக் கீறல்களில் அந்தச் சிவப்பு தங்கியிருக்கிறது என்று நோக்குக. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது, கிருமி தெரியாது. வேறுபாடு அவ்வளவே. சோதனைக்குப் பயன்படுத்திய துண்டுகளை உண்ண வேண்டா.

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் காரணத்துடன் எழுதுக.
1. அன்று அறுத்த புதிய கோழியில் கிருமி இராது.
2. கோழிக்குழம்பை மிகுதியாக உண்டதால் அப்பாவுக்கு நோய் வந்தது.
3. பலகையை உலர விடுவதும் சுத்தம் செய்வதன் ஒரு பகுதி.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாட்டிக்கு ஞாயிறன்றே நோய் வராமல் புதன்கிழமை வந்தது ஏன்?
2. ‘குறுக்கு மாசுபாடு’ என்னும் பெயரில் ‘குறுக்கு’ என்பது எதனை உணர்த்துகிறது?
3. மருத்துவர் ஐந்து நாள் உணவைக் கேட்டது ஏன்?

இ. பட்டியலைக் கொண்டு சிந்திக்க.
அப்பாவும் சாலட் உண்டிருந்து, அவருக்கும் நோய் வந்திருந்தால், கோழிக்குழம்பின்மீது ஐயம் கொள்ள இடம் உண்டா? பாட்டியின் நிலையைச் சான்றாகக் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.

ஈ. வரிசைப்படுத்துக.
கொதிநீர் ஊற்றுதல் – ஒட்டியிருப்பதை வழித்தல் – உலர்த்துதல் – சோப்பிட்டுத் தேய்த்தல் – ஓடும் நீரில் அலசுதல்

உ. பிரித்து எழுதுக.
கோழிக்குழம்பு, எலுமிச்சைச்சாறு, மேற்பரப்பு

ஊ. ‘பச்சை’ என்னும் சொல் நிறத்தைக் குறிக்குமாறு ஒரு தொடரும், வேகாத நிலையைக் குறிக்குமாறு ஒரு தொடரும் எழுதுக.

எ. உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒட்டுவதற்கு, ‘நறுக்கு’, ‘தேய்’, ‘வை’, ‘துடைக்காதே’ போன்ற ஏவல் வினைகளைப் பயன்படுத்தி நான்கு வரி அறிவிப்பு எழுதுக. ஊரிலுள்ள உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் பேசி, அவர்கள் வீட்டில் மீனையும் இறைச்சியையும் எங்கே, எதனால் நறுக்கினார்கள் என்று கேட்டு, வகுப்பில் கூறுக.